நாலடி உயரத்தில் ஒரு கோடு

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விழும்போது எழும் வாசனை எனக்குக் கல்யாண வீட்டையோ பண்டிகையையோ நினைவூட்டுவதில்லை. இன்று காலை எதிர்வீட்டில் ஒருவர் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். சன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வாசனை உள்ளேயே இருந்தது. அது எதிர்வீட்டிலிருந்து வந்ததல்ல. இலங்கை மலைநாட்டுப் பதுளையிலிருந்து வந்தது. ஐம்பதுகளின் பின்பாதியில், ஆற்றுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே இருந்த ஒரு சரக்குக் கிட்டங்கியின் நாலு சுவர்களிலிருந்து.

அந்தக் கிட்டங்கிக்கு மேலே பலகைத் தளம் போட்ட ஓர் அறையில் நான் நான்கு வருஷம் குடியிருந்தேன். கீழே பருப்பு, சீனி, கோதுமை மா, செத்தல் மிளகாய், கருவாடு, தோட்டத்துப் பெண்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளி. மேலே நானும் ஒரு தட்டச்சுப் பொறியும். தோட்டக் கடைகளுக்கு மொத்தச் சரக்கு அனுப்பும் முதலாளிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் நான். படித்த ஆங்கிலம் என்னை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது, வேறெங்கும் கொண்டுசேர்க்கவில்லை. அப்பா இறந்ததும் எங்கள் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் எனக்கு முகவரி என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கிட்டங்கியின் முகவரிதான். கடிதத் தாளின் மேல் மூலையில் அதைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் ஒரு சின்னப் பெருமை வரும். யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மார்கழியில் மழை மூன்று நாள் மூச்சுவிடாமல் பெய்தது. முதலாளி சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் சத்தம் மாறியது. அதுவரை கூரையில் கேட்ட தண்ணீர், தரையில் கேட்டது. ஏணியில் இறங்கிப் பார்த்தேன். வாசல்படியைத் தாண்டி ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. ஒரு வாடிக்கையாளரைப் போல ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது.

கைக்கு எட்டியதைத் தூக்கினேன். கம்பளிக் கட்டு ஐந்தாறு, ஒரு மிளகாய்ச் சாக்கு. தனியாளாக ஒரு பருப்பு மூட்டையை ஏணியில் ஏற்ற முடியாது என்பதை இடுப்பு சொன்னது. பிறகு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு மனிதரும் இல்லை. பக்கத்தில் மரம் விற்கும் மரக்காலை, அதற்குச் சுவரே கிடையாது, ஆளும் கிடையாது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் முதுகில் எழுதினேன். பத்து பத்து, வாசல்படி. பத்தே முக்கால், மூட்டைகளின் அடிப்பலகை மூழ்கிவிட்டது. பதினொன்றரை, இரண்டாம் அடுக்கு. சீனி மூட்டைகள் மெலிகின்றன. பன்னிரண்டே கால், ஏணியின் நாலாம் படி. இரண்டு மணி, ஏறவில்லை, இறங்கவுமில்லை, நிற்கிறது.

அது சாட்சியத்துக்காக எழுதியதல்ல. பேச்சுத் துணைக்காக எழுதியது.

விடிந்தபோது தண்ணீர் போயிருந்தது. நாலு சுவரிலும் கயிறு பிடித்து இழுத்ததுபோல ஒரே மட்டத்தில் மண்ணிறக் கோடு ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. முதலில் வந்தவள் அக்கா; நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கிட்டங்கியைக் கூட்டுவது, கிழிந்த சாக்கு தைப்பது, மிளகாய் காயவைப்பது அவள் வேலை. நாற்பது வயதிருக்கும். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பதுளைக்கு வந்தவள். வாசலில் நின்று சேற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உசுரோடதான் இருக்கீங்களா தம்பி?"

"இருக்கேன் அக்கா."

"அப்ப வெளக்குமாத்த எடுங்க. ஏன் நிக்கிறீங்க?"

தபால் நிலையம் திறந்ததும் காப்புறுதிக் கம்பனிக்குத் தந்தி அடித்தேன். பொலிஸில் ஒரு முறைப்பாடும் எழுதிவைத்தேன். முதலாளி நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தார். ரயில் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் பாதித் தூரம் லொறியிலும் பாதித் தூரம் நடையுமாக வந்திருந்தார். கிட்டங்கியின் நடுவில் செருப்போடு நின்று, ஊதிய மூட்டை ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து பொலிசியை எடுத்துக் கொடுத்தார்.

"படி. வெள்ளத்துக்கு உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அது தீ விபத்துக்கான பொலிசி. கடைசிப் பக்கத்தில், கூடுதல் கட்டணத்துக்கு வெள்ளத்தையும் சேர்த்ததாக ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. என்றோ தேநீர் குடிக்க வந்த முகவர் ஒருவர் ஒட்டவைத்தது. உண்டு என்றேன். ஆனால் நிபந்தனைகளும் உண்டு. உடனே அறிவிக்க வேண்டும். அது தந்தியில் ஆயிற்று. பதினைந்து நாளுக்குள் இழப்பின் முழு விவரத்தையும் ஆதாரத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். கெட்ட சரக்கையும் இடத்தையும் அவர்கள் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும். கூரை ஒழுகி நனைந்ததற்குப் பணம் கிடையாது. ஆறு பெருகி உள்ளே வந்தால் மட்டுமே.

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராமநாதபுரத்துக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"இது வந்தா கடை நிக்கும்ப்பா. வரலேன்னா கதவ இழுத்துச் சாத்திட்டுக் கொழும்புல அண்ணன் கடையில போய் நிப்பேன். எனக்கு அண்ணன் இருக்கார்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ எங்க போவ?"

மேலே ஏறித் தட்டச்சுப் பொறியில் தாள் செருகினேன். கடிதம் எழுதத் தொடங்கினேன்.

பத்து நாள் அதே வேலை. இருப்புப் புத்தகம் மேலே என் அறையில் இருந்ததால் தப்பியிருந்தது. அதிலிருந்து வெள்ளத்துக்கு முந்திய மாலையின் இருப்பை எடுத்தேன். ஒவ்வொரு சரக்குக்கும் கொள்முதல் சீட்டு, ரயிலில் வந்ததற்கான ரசீது. எவ்வளவு முழுக்கக் கெட்டது, எவ்வளவு பாதி விலைக்காவது போகும், எவ்வளவு நல்லது என்று தனித்தனிப் பத்திகள். பருப்பு எளிது, ஊதி வெடித்துப் புளித்து, தன் சேதத்தைத் தானே சொல்லிற்று. கருவாட்டின் நாற்றம் தாங்காமல் சுகாதாரப் பரிசோதகர் வந்து புதைக்கச் சொன்னார். எத்தனை மூட்டை புதைத்தோம் என்று அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கி இணைத்தேன். கஷ்டம் கொடுத்தது சீனி. சீனி கரைந்து ஆற்றோடு போய்விட்டது. இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? வெற்றுச் சாக்குகள் மட்டும் விறைத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. அக்கா அவற்றை எறியப் போனாள். தடுத்து எண்ணி அடுக்கினேன்.

"சாக்கக் காட்டி சீனிக்குக் காசு கேப்பீங்களா?" என்று சிரித்தாள். "அப்ப அறுத்த தாலிக்கயித்தக் காட்டி புருஷனக் கேக்கலாம்போல."

கடிதத்தின் கால வரிசைக்கு என் நாட்காட்டித் தாளை அப்படியே பெயர்த்தேன். பேச்சுத் துணைக்கு எழுதியது இப்போது கம்பனிக்கு எழுதியதாயிற்று. ஆனால் அந்த இடத்தில்தான் கை நின்றது. நேரில் கண்டவர்கள் என்று ஒரு வரி போட்டுவிட்டு அதன் கீழே என் பெயரை மட்டும் எழுதினேன். இரண்டாவது வரி வெறுமையாக இருந்தது. மறுநாள் காலை கோட்டைப் பார்த்தவள் அக்காதான். கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

"நானா?" அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தோட்டத்துத் தமிழர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போடவேண்டியிருந்த காலம் அது. அவள் போட்ட மனு, இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்று அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. "நான் இங்க பொறந்தேங்கிறதுக்கே சாட்சி இல்லேன்னு தள்ளிட்டாங்க. ஒங்க தண்ணிக்கு நான் சாட்சியா?"

வெறும் வரியை அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டச்சு செய்தேன். இன்றும் மனப்பாடம். "வெள்ளநீர் தரையிலிருந்து நாலடி உயரம் நின்றதற்கு நான்கு சுவர்களிலும் உள்ள நீர்க்கோடு சாட்சி. தங்கள் மதிப்பீட்டாளர் பார்வையிடுவதற்காக அது அப்படியே வைக்கப்பட்டுள்ளது." மனிதர் இல்லாத இடத்தில் சுவரைச் சாட்சிக்கு நிறுத்தினேன். எழுதியபோது நல்ல வாக்கியமாகத்தான் தோன்றியது. முதலாளி கூட்டிவந்த புகைப்படக்காரர் எடுத்த ஒரே படத்தில் சுவரை மூட்டைகள் மறைத்திருந்தன. ஆகவே அந்த வாக்கியத்தின் மேல்தான் மொத்தக் கடிதமும் உட்கார்ந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் போயிற்று. மதிப்பீட்டாளர் பாதை சீரானதும் வருவார் என்று பதில் வந்தது. காத்திருந்தோம். முதலாளி கடன்காரர்களுக்குச் சமாதானம் சொல்லக் கொழும்புக்குப் போனார். மூட்டைகளைக் காற்றாட நடுத்தரைக்கு இழுத்துப் போட்டோம்; சுவர்கள் வெறுமையாயின. மாலைகளில் நான் ஏணியில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இருந்தது. நிலையத்தில் கடைசி ரயில் வந்து நிற்கும் பெருமூச்சு கேட்கும். பதுளைக்கு அப்பால் தண்டவாளம் இல்லை. எல்லா ரயிலும் இங்கே வந்து முடிந்துபோகிறது; நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா ஒரு வாளியோடு வந்தாள்.

"தம்பி, நாளன்னிக்குப் பொங்கலு. சேறு புடிச்ச செவுத்துக்கு நடுவுல பொங்க வச்சா வெளங்குமா? மொதலாளியும் இல்ல. நீங்க ஒருத்தர்தான் இந்த வீட்டுல. கொஞ்சம் பூசிவிடவா?"

இந்த வீட்டுல என்றாள். கிட்டங்கியை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நாலு வருஷமாக எனக்கு எந்த வீட்டிலும் பொங்கல் இல்லை. வாளியில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை என் அம்மா லயத்துக் காம்பராவின் வாசலைப் பூசிய காலத்திலிருந்து நேராக வந்து என் தலையில் ஏறியது.

"பூசுங்க அக்கா" என்றேன்.

நானும் ஒரு மட்டையை எடுத்துப் பூசினேன். சிரித்துக்கொண்டே பூசினோம். பொங்கலன்று வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே மூன்று கல் வைத்துப் பொங்கினாள். அவளும் நானும் சாப்பிட்டோம். கோடு இல்லாத சுவரைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. நான் எழுதிய வாக்கியம் எனக்கு ஞாபகமே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலை மதிப்பீட்டாளர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் குடையும் அளவு நாடாவும். கையில் என் கடிதம். பருப்பைக் கையில் அள்ளி முகர்ந்தார். மா மூட்டை ஒன்றைக் கத்தியால் கிழித்தார். மேல் ஓடு கல்லாய் இறுகியிருந்தது. உள்ளே இரண்டு கை ஆழத்தில் மா உலர்ந்து, வெள்ளையாக இருந்தது.

"வெளியாலை கல்லு, உள்ளுக்கை மா. இதை முழுநட்டம் எண்டு எழுதியிருக்கிறீர். ஏலாது தம்பி, உள்மாவுக்குக் கழிப்பன்."

சீனிச் சாக்குகளை எண்ணினார், இருப்புப் புத்தகத்தோடும் ரயில் ரசீதோடும் ஒப்பிட்டார், தலையை ஆட்டினார். கடிதத்தைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார்.

"எங்கை கோடு?"

அந்தக் கணம்தான் வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. முழுதாக, முற்றுப்புள்ளியோடு.

"சுண்ணாம்பு... பொங்கலுக்கு..."

"பொங்கலுக்கோ?" அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடிதத்தின் அந்த வரியில் விரலை வைத்தார். "அப்படியே வைக்கப்பட்டுள்ளது எண்டு கையெழுத்து வைச்சது நீர்தானே? கோடு இருந்தால் ஆறு வந்தது. கோடு இல்லாட்டில் கூரை ஒழுகினதாயும் இருக்கலாம்." மேலே துருப்பிடித்த தகரத்தைப் பார்த்தார். "தண்ணி வந்ததைக் கண்டது ஆர்?"

"நான்."

"உம்மோடை ஆர் இருந்தது?"

"யாரும் இல்லீங்க."

அவர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். நாடா சுருளும் சத்தம் எனக்கு ஒரு கதவு சாத்தும் சத்தமாகக் கேட்டது. முதலாளிக்கு அண்ணன் இருக்கிறார். நீ எங்க போவ?

மூலையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்தாள். வெளியே போய்க் கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, கிழக்குச் சுவரில் வீசி அடித்தாள்.

"ஏய், என்னம்மா செய்யிறீர்?" மதிப்பீட்டாளர் குடையை விரிக்காத குறையாகப் பின்வாங்கினார்.

"பாருங்க ஐயா" என்றாள். "சுண்ணாம்பு பத்தல. ஒரு பூச்சுதான் பூசினோம். நனைஞ்சா அடியில உள்ளது தெரியும்."

நனைந்த இடத்தில் வெள்ளை மங்கியது. கண்ணாடிபோல ஆயிற்று. அதன் அடியிலிருந்து, மூழ்கியவன் முகம் மேலே வருவதுபோல, மண்ணிறக் கோடு எழுந்து வந்தது.

மதிப்பீட்டாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அடுத்த கணம் ஆளே மாறிவிட்டார்.

"காய முந்தி அளக்கவேணும்! தம்பி, அந்தத் தலைப்பைப் பிடியும். தரையிலை வையும். அம்மா, அடுத்த சுவருக்கு ஊத்துங்கோ!"

அக்கா வாளி வாளியாகக் கொண்டுவந்தாள். அவள் ஊற்ற, கோடு தோன்ற, நான் நாடாவின் நுனியைத் தரையில் அழுத்த, அவர் பென்சிலால் குறி போட, முதல் சுவரில் கோடு அதற்குள் காய்ந்து மறைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஓடினோம். நாலு சுவரிலும் ஒரே மட்டம். கூரை ஒழுகிய தண்ணீர் அப்படி மட்டம் பார்த்து நிற்காது.

"மூண்டடி பதினொரு அங்குலம்." அவர் மூச்சு வாங்கினார். "நீர் நாலடி எண்டு எழுதியிருக்கிறீர். அந்த ஒரு அங்குலத்தை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

"அதச் சுண்ணாம்பு தின்னுருக்கும் ஐயா" என்றாள் அக்கா.

அவர் சத்தமாகச் சிரித்தார். வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கிட்டங்கியில் நான் கேட்ட முதல் ஆண்சிரிப்பு. தன் குறிப்பேட்டில் நான்கு அளவுகளையும் எழுதி, அளந்தபோது உடனிருந்தவர்கள் என்று கீழே என்னைக் கையெழுத்திடச் சொன்னார். அக்காவைத் திரும்பிப் பார்த்து, மை தடவிய பஞ்சை நீட்டினார். அவள் இம்முறை கையை மறைக்கவில்லை. நெடுநேரம் அழுத்தி வைத்தாள். எடுத்த பிறகும் அந்த ரேகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பனியின் கடிதம் மாசி கழிந்து வந்தது. மாவில் மிஞ்சியதைக் கழித்து மற்றதெல்லாம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். கடை நிற்கும். எனக்கு ஒரு கூரை நிற்கும். கடைசி வரியை வாசித்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"ரெண்டாவது தாளு?"

இரண்டாவது தாளை நான் கவனித்திருக்கவில்லை. இந்தக் கட்டடம் ஆற்றை ஒட்டி இருப்பதால், புதுப்பிக்கும்போது வெள்ளத்துக்கான காப்பு சேர்க்கப்படமாட்டாது என்று இரண்டே வரி. நாங்கள் நாலு சுவரிலும் நனைத்துக் காட்டிய கோடு, ஆறு இங்கே வரும் என்பதையும் சேர்த்தே நிரூபித்துவிட்டிருந்தது.

முதலாளி ஒரு வாரம் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"காப்பு இல்லாம ஆத்தோரம் சரக்குப் போட எனக்குத் தைரியம் இல்லப்பா. கடனையெல்லாம் அடைச்சாச்சு. மானத்தோட போறேன். அது ஒன்னாலதான்." தரையைப் பார்த்தார். "அண்ணன் கடையில அவர் மகனே லெட்டர் எழுதுறான். இல்லேன்னா..."

"பரவால்லீங்க மொதலாளி" என்றேன். தோற்றிருந்தால் என் பிழை என்று அழுதிருக்கலாம். வென்றுவிட்டேன். வென்றவனுக்கு அழ இடமில்லை.

கிட்டங்கியைப் பூட்டும் நாளுக்கு முந்திய நாளே அவர் ரயிலேறிவிட்டார். பூட்டிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுக்கும் வேலை எனக்கு. வெற்றுக் கிட்டங்கியில் என் காலடிச் சத்தம் எனக்கு முன்னாலேயே போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. அக்கா வாசலில் மூட்டையோடு நின்றாள். ஹாலிஎலவில் மகள் வீட்டுக்குப் போகிறாள். எனக்குப் பண்டாரவளையில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை கிடைக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்துவதற்கு முன் இருவரும் ஒருமுறை சுவரைப் பார்த்தோம். சுத்த வெள்ளை. ஒன்றுமே நடக்காததுபோல.

"தம்பி" என்றாள். "அந்த மனு இருக்குல்ல, திரும்பி வந்துச்சே. இன்னொரு தடவ எழுதிப் போடலாம்னு மக சொல்றா. ஒங்க இங்கிலீசுல எழுதித் தாறீங்களா? நான் இங்கதான் இருந்தேன்னு."

"எழுதித் தாறேன் அக்கா. எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்."

"சாட்சிக்கு யாரு பேரு போடுவீங்க?"

"என் பேரு."

அவள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். அவள் மனு வந்த அதே வாரம்தான் என் பிரஜாவுரிமை மனுவும் திரும்பி வந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்ப அது செல்லாது" என்றாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "இருந்தாலும் போடுங்க."